மஞ்சள் நோட்டீசின் பின்பக்கம்

"மேல 'பிள்ளையார் துணை' எண்டு போடும், தம்பி. அதுக்குக் கீழ 'திறப்பு விழா அழைப்பிதழ்'. நேராப் போடாதையும், வானவில் மாதிரி வளைச்சுப் போடும்."

நௌபர் வளைத்துப் போட்டார். திரையில் எழுத்துகள் முதுகு கூனி நின்றன.

"எப்பிடி இருக்கு, பிள்ளை?" என்று தவராசா திரும்பிப் பார்த்துக் கேட்டார்.

"நல்லா இருக்கு, அத்தான்."

ஜெயரூபி சுவரோடு போட்டிருந்த பிளாஸ்டிக் கதிரையில் இருந்தாள். அந்தக் கதிரைக்கு ஒரு கால் கொஞ்சம் கட்டை. ஆடாமல் இருப்பதற்கே அவளுக்கு முழுக் கவனமும் வேண்டியிருந்தது. அன்றைக்கு அத்தான் எதைக் கேட்டிருந்தாலும் நல்லா இருக்கு என்றுதான் சொல்லியிருப்பாள். காலையிலிருந்து மேசை தூக்கி, மெசின் தூக்கி, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, தோள் இரண்டும் வேறு யாருடையவோ போலத் தொங்கின. வெளியே மழை. துறைமுகப் பக்கம் இருந்து வந்த காற்றில் நௌபரின் அச்சுக்கூடக் கதவு அடிக்கடி தானாகத் திறந்து மூடியது.

பதினெட்டு வருடம் அவள் கார்மண்ட் தொழிற்சாலையில் இருந்தவள். விடிய நாலே முக்காலுக்கு வேலைக்கு ஏற்றிப் போகிற வான். பதினெட்டு வருடமும் சட்டைக் கை தைத்தாள். முழு உடுப்பு அல்ல, கை மட்டும். அதிலும் இடது கை. ஐப்பசியோடு விட்டுவிட்டு வந்து, அக்கா வீட்டு முன்னறையில் 'ரூபி தையலகம்' என்று தொடங்கப் போகிறாள். அறை அக்காவின் கணவர் தவராசா அத்தானுடையது. வாடகை என்ற கதையே எடுக்கக்கூடாது என்று அத்தான் சொல்லிவிட்டார். அதனால்தான் அவருக்கு முன்னால் வேறு கதையும் எடுக்க முடியாமல் இருந்தது.

போன கிழமை கார்மண்ட் சுப்பர்வைசர் போனில் ஒன்று சொல்லியிருந்தாள். "அக்கா, ஜனவரி வான் லிஸ்ற் எழுத வேணும். உங்கட பேரை வெட்டுறதோ விடுறதோ எண்டு வாற வியாழக்கிழமை பின்னேரம் கேப்பன். அதுக்குப் பிறகு என்னால ஒண்டும் செய்ய ஏலாது."

வியாழக்கிழமைதான் கடைத் திறப்பும். மார்கழி பிறக்க முன்னம் அதற்குப் பிறகு நல்ல நாள் இல்லை. ஜனவரியில் பள்ளிக்கூடம் தொடங்குகிறது. அரசாங்கம் இலவசச் சீருடைத் துணியைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தும் முடிந்துவிட்டது. ஒரு நாளைக்கு மூன்றாகத் தைத்தால் மூன்று கிழமையில் அறுபது உடுப்பு. அறுபது வேண்டாம், நாற்பது வந்தாலே கடையை நம்பி இருக்கலாம் என்று ஜெயரூபி மனதுக்குள் ஒரு கோடு கிழித்து வைத்திருந்தாள். நாற்பதுக்குக் குறைந்தால் நாலே முக்கால் வான்தான்.

இந்தக் கணக்கு அவளுக்கு மட்டும் தெரியும். அத்தான் அரசாங்கக் கச்சேரியில் முப்பத்தாறு வருடம் கிளாக்கராகக் கடிதம் எழுதி ஓய்வு பெற்றவர். கோயில் அறிவித்தல், கல்யாணக் கார்ட், மரண அறிவித்தல், எதென்றாலும் ஊர் அவரிடம்தான் வரும். அவர் சொல்லச் சொல்ல நௌபர் தட்டினார்.

"பேரன்புடையீர்! நிகழும் மங்களகரமான வருடம் கார்த்திகைத் திங்கள் இருபத்தைந்தாம் நாள் வியாழக்கிழமை காலை எட்டுப் பதினான்கு முதல் ஒன்பது இரண்டு வரையுள்ள சுபமுகூர்த்த வேளையில்…"

"கொஞ்சம் ஆறுதலாச் சொல்லுங்க, ஐயா. என்ட விரல் ரெண்டுதான்."

"…எமது தையலகம் இனிதே திறந்து வைக்கப்பட இருப்பதால், தாங்கள் குடும்ப சமேதராக வருகை தந்து சிறப்பிக்குமாறு அன்புடன் அழைக்கின்றோம். போட்டாச்சோ? இனிப் பேருகள். பிரதம விருந்தினர், சிறப்பு விருந்தினர், கௌரவ விருந்தினர். மங்கள விளக்கேற்றல். வரவேற்புரை. அதில என்ர பேர். அடைப்புக்குள்ள 'ஓய்வுநிலை'. தலைமையுரை. நன்றியுரை."

நௌபர் ஒருமுறை தலையைச் சொறிந்தார். அவருக்கு நாற்பது வயது இருக்கும். அப்பாவின் காலத்து ஈய எழுத்துப் பெட்டி இன்னும் மூலையில் கிடக்க, அதற்கு மேல் கணினியை வைத்து வேலை செய்பவர்.

"அக்கா, கேக்கிறன் எண்டு கோவிக்காதீங்க. இது நோட்டீசா, கார்ட்டா?"

அவர் கேட்டது அவளை. பதில் சொன்னது அத்தான். "ரெண்டும்தான். வாசிக்கிறவனுக்கு மரியாதையும் இருக்க வேணும், விசயமும் இருக்க வேணும்."

"விசயம் எங்க ஐயா இரிக்கி?"

"கீழ. எழுதும். 'இங்கு சகலவிதமான தையல் வேலைகளும் குறித்த தவணையில் செய்து கொடுக்கப்படும்.' அதுக்குப் பக்கத்தில போன் நம்பர்."

"அதுக்கு எட்டாம் சைஸ் எழுத்துத்தான் கொள்ளும். கண்ணாடி போட்டாலும் கஷ்டம். ரெண்டு விருந்தினரைக் குறைச்சா…"

"குறைக்க ஏலாது, தம்பி. எல்லாரிட்டயும் வாய் விட்டுச் சொல்லிப்போட்டன்."

ஜெயரூபி கதிரையில் ஒரு பக்கம் சாய்ந்தாள். கதிரை டொக் என்றது. எதையோ சொல்ல வேண்டும் போல இருந்தது. ஆனால் பதினெட்டு வருடம் இடது கை தைத்தவளுக்கு, வலது கையைப் பற்றியும் கழுத்தைப் பற்றியும் யோசிக்கிற பழக்கம் விட்டுப் போயிருந்தது. அதை யாரோ யோசிப்பார்கள்.

"சரி, தாள்?" என்றார் நௌபர். "பளபளப்புத் தாளில கலர் எண்டா வெளியில குடுத்து அடிக்கணும், நாலு நாள். சாதாரண மஞ்சள் தாள் எண்டா இஞ்சயே ரிசோ மெசினில அடிச்சு, ரெண்டா வெட்டி, நாளைக்குப் பகல் தருவன்."

"பளபளப்பில்லாட்டி விழாவுக்கு என்ன மதிப்பு?" என்று அத்தான் முகத்தைச் சுளித்தார்.

"மஞ்சள்" என்றாள் ஜெயரூபி. "நாலு நாள் ஏலாது, அத்தான்." அந்தப் பின்னேரம் அவளாகச் சொன்னது அது ஒன்றுதான்.

செவ்வாய்க்கிழமை பகல் ஐந்நூறு நோட்டீசும் வந்தது. முன்பக்கம் நிறைய எழுத்து, பின்பக்கம் வெறும் மஞ்சள். பொலித்தீன் பையில் போட்டு, குடையைப் பிடித்துக்கொண்டு ஜெயரூபி ஒழுங்கையில் இறங்கினாள். முதல் வீடு எதிர்வீடுதான், மைமூனா வீடு.

"வா புள்ள, உள்ள வா. மழைக்க நிண்டா குடுக்கிற?"

"இல்ல மைமூனாக்கா, நிறைய வீடு கிடக்கு. இந்த நோட்டீசைக் குடுத்திட்டுப் போறன்."

மைமூனா வாங்கி எட்டப் பிடித்து வாசித்தாள். வாசிக்க வாசிக்க அவள் முகத்தில் ஒரு பெரிய மனுசித்தனம் வந்து உட்கார்ந்தது.

"குடும்ப சமேதரா? எங்கட வீட்ட ஒன்பது பேர் புள்ள."

"எல்லாரும் வாங்கோ."

"வராம? உனக்கு ஒரு சுவர் மணிக்கூடு கொண்டு வாறன். பெரிசு. இப்ப சொல்லாட்டி நாலு பேர் நாலு மணிக்கூடு கொண்டு வருவாங்க."

"மணிக்கூட்டை விடுங்கோ அக்கா. பேரப்பிள்ளையளுக்கு உடுப்புத் தைக்கக் குடுத்தாச்சே?"

"எங்க? துணி மூண்டும் அலுமாரிக்குள்ள கிடக்கு."

"அப்ப வியாழக்கிழமை வரேக்க அதையும்…"

மைமூனா நாக்கைக் கடித்தாள். "விழாவுக்குத் துணிப் பையத் தூக்கிக்கொண்டு வாறதா? பெரிய மனுசரெல்லாம் இருப்பாங்க. பாக்கிற ஆக்கள் என்ன நினைப்பாங்க? சாப்பாட்டுக்கும் வந்து வேலையும் வாங்கிறாள் எண்டு சொல்லமாட்டாங்களா? நீ விழாவை வடிவா முடி. பிறகு பாப்பம்."

பிறகு என்றால் எப்போது என்று கேட்காமலே ஜெயரூபி அடுத்த வீட்டுக்குக் குடையை விரித்தாள்.

மூன்றாம் வீட்டில் பாக்கியரத்தினம் ரீச்சர். அவர் நோட்டீசை வாங்கவே இல்லை. கதவில் கையை ஊன்றி நின்று பார்த்தார்.

"என்ன இது?"

"கடைத் திறப்பு நோட்டீஸ், ரீச்சர்."

"அழைப்பிதழ் எண்டெல்லோ போட்டிருக்கு. அழைப்பிதழை வாசலில நிண்டு, கடலைச் சரை குடுக்கிற மாதிரி நீட்டுறதோ? உள்ளுக்கு வந்து, இருந்து, சொல்லிக் குடுக்க வேணும். உன்ர அம்மா இருந்தா இப்பிடிச் செய்வாவோ?"

ஜெயரூபி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். இருந்தாள். சொல்லிக் கொடுத்தாள். தேத்தண்ணி வந்தது, குடிக்காமல் எழும்ப முடியாது. மேசையில் ஒரு கடைப் பை கிடந்தது. அதன் வாயில் வெள்ளைத் துணி எட்டிப் பார்த்தது.

"பேத்திமாருக்கோ, ரீச்சர்?"

"ஓம். நாலு பேருக்கும். வெள்ளிக்கிழமை பெரியகடைத் தையல்காரனிட்ட அனுப்பப் போறன்."

ஜெயரூபி கோப்பையைக் கீழே வைத்தாள். "நான் இஞ்ச, ஒழுங்கைக்குள்ளயே கடை திறக்கிறன்…"

"திறக்கிறாய்தான். திறந்த கையோட மார்கழி பிறக்குது. மார்கழியில ஆர் புது வேலை தொடங்குறது? நீ நாள் பாத்து விளக்கை ஏத்தி வைச்சிட்டு, தையிலதானே தைக்கத் தொடங்குவாய்? அழைப்பிதழைப் பாக்க அப்பிடித்தான் விளங்குது. தைக்கிறதைப் பற்றி ஒண்டையும் காணேல்லையே."

"கீழ போட்டிருக்கு, ரீச்சர்."

ரீச்சர் கண்ணாடியை எடுத்துப் போட்டார். பிறகு தாளை மூக்குக்கு அருகே கொண்டு போனார். "ஓ, இதோ. நான் அச்சகத்தின்ர பேர் எண்டு விட்டிட்டன்."

அன்றைக்கு ஜெயரூபி பதினொரு வீடு போனாள். பதினொரு வீட்டிலும் உள்ளே போய் இருந்தாள். எட்டு வீட்டில் தேத்தண்ணி, ஒரு வீட்டில் பால் கோப்பி. எல்லாரும் வருவதாகச் சொன்னார்கள். இரண்டு பேர் என்ன நிறச் சீலை உடுப்பாய் என்று கேட்டார்கள். ஒருவராவது துணி கொண்டு வருகிறேன் என்று சொல்லவில்லை. பதினோராம் வீட்டுப் படியில் இறங்கும்போது முழங்கால் மடங்க மறுத்தது. இவ்வளவு மரியாதையாக ஒரு கடை பட்டுப்போக முடியுமா என்று நினைத்தாள். சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

திரும்பி வந்து முன்னறை யன்னலோரம் நின்று ஒரு நோட்டீசை எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தாள். துணி வாங்கினால் அப்படிப் பிடித்துப் பார்ப்பது அவளது கைப்பழக்கம். நெருக்கமா, கலப்பா, உட்புறம் எப்படி என்று. அத்தானின் எழுத்தெல்லாம் தாளுக்குள்ளால் பின்பக்கத்தில் இடம் வலம் மாறி நிழலாய்த் தெரிந்தன. மேலே வானவில் கறுப்பாக அடைத்துக் கிடந்தது. நடுவில் பெயர்கள். பெயர்களுக்கு மேலும் அடியிலும், எழுத்துப் பொடியாக இருந்த இரண்டு பட்டைகள் மட்டும் வெளிச்சமாக இருந்தன.

நாலு விரல்கடை, என்று அளந்தாள். இதில ஒரு சட்டைக் கை வெட்டலாம்.

புதன்கிழமை காலை நௌபர் கதவு திறக்கும்போது அவள் வாசலில் நின்றாள். கையில் நோட்டீஸ் கட்டு, கத்தரிக்கோல், பழைய பேப்பர் ஒன்று.

"என்னக்கா, பிழை ஏதும் போயிற்றா?"

"பிழை இல்லத் தம்பி. பின்பக்கம் அடிக்க ஏலுமோ?"

"அடிச்ச தாளிலயா?" நௌபர் ஒன்றை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தார். "மை காய்ஞ்சிற்று. மஞ்சள் தாள் எண்டபடியா தப்பினீங்க. பளபளப்பில அடிச்சிருந்தா இந்த மெசின் மை ஒட்டாது, கையெல்லாம் கரியாயிரும். அடிக்கலாம். ஆனா முன்னெழுத்து நிழலாத் தெரியும்."

"தெரியாத இடத்தில அடியுங்கோ. நான் வெட்டித் தாறன்."

மேசையில் நோட்டீசைக் கவிழ்த்துப் போட்டாள். பேப்பரைக் கத்தரித்து ஒரு நீளத் துண்டு, ஒரு அகலத் துண்டு, மூன்று சின்னத் துண்டு எடுத்தாள். துணி வெட்டும்போது பெரிய துண்டைத்தான் முதலில் வைப்பது. முன்னுடம்பும் பின்னுடம்பும் இடம் பிடித்த பிறகுதான் கை, கொலர், பொக்கற் எல்லாம் மிச்சத்தில் போகும். அத்தான் பொக்கற்றை முதலில் வைத்து வெட்டிவிட்டார்.

"இதில" என்று நீளத் துண்டை மேல் வெளிச்சப் பட்டைக்கு வைத்தாள். "பெரிசா. உங்களிட்ட இருக்கிறதிலயே பெரிய எழுத்து. 'பள்ளிக்கூட உடுப்புத் துணியை வியாழக்கிழமையே கொண்டு வாருங்கள்.' வளைக்காதேங்கோ."

"வளைக்கமாட்டன்."

"அதுக்குக் கீழ, 'அன்றைக்கே அளவெடுப்போம். மார்கழியிலும் தைப்போம். பள்ளிக்கூடம் தொடங்க முன் கிடைக்கும். முதலில் வரும் அறுபது உடுப்புகள் மட்டும்.'"

நௌபர் தட்டுவதை நிறுத்தினார். "அக்கா, நான் பதினாலு வருசமா நோட்டீஸ் அடிக்கிறன். 'இதுக்கு மேல ஏலாது' எண்டு ஒருத்தரும் போட்டதில்ல. எல்லாரும் 'சகலவிதமான'தான்."

"அறுபத்தோராவது பிள்ளை வெறும் மேலோட பள்ளிக்கூடம் போறதோ? எனக்கு ரெண்டு கைதான். போடுங்கோ."

"இலக்கம் பதினாலின் கீழ் ரெண்டு எண்டு முன்னுக்கு விலாசம் இரிக்கி. பின்னுக்கும் போடவா?"

"அந்த இலக்கம் தபால்காரனுக்கே தெரியாது. 'ஐஸ் பெக்டரிக்குப் பக்கத்தில், நீலக் கதவு.' இந்தச் சின்னத் துண்டில. மற்றச் சின்னத் துண்டில 'பழைய உடுப்பு ஒன்றும் கொண்டு வாருங்கள்'. அளவுக்கு. போன் நம்பர் தனி வரி."

"கீழ இவ்வளவு இடம் வெறுமையாக் கிடக்கே. கத்தரிக்கோல் படம் ஒண்டு போடுவமா? கல்யாணப் பொம்பிளை ஒண்டும் இரிக்கி, நல்ல வேலைப்பாட்டு பிளவுஸ்."

"வேண்டாம். அந்தப் படத்தைப் போட்டா அந்த பிளவுஸைத்தான் கேப்பினம். அதை ஆர் தைக்கிறது? கீழ கோடு போட்டு விடுங்கோ. பிள்ளையின்ர பேர், பாடசாலை, வகுப்பு. அவையே எழுதட்டும். அதுக்குக் கீழ நெஞ்சு, இடை, தோள், கை, உயரம். அது நான் எழுத. இந்தத் தாளையே துணியோட குத்தி வைச்சிடுவன்."

நௌபர் திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "அப்ப இது நோட்டீசும் இல்ல, கார்ட்டும் இல்ல. பில் புத்தகம்."

அந்த நேரம்தான் கதவு தானாகத் திறந்தது. இந்த முறை காற்று அல்ல. அத்தான், நனைந்த குடையோடு. திரையை ஒரு வரி விடாமல் கடைசிவரை வாசித்தார். கச்சேரிப் பழக்கம்.

"ஆர் எழுதினது?"

"நான், அத்தான்."

"அழைப்பிதழின்ர பின்பக்கம் வெறுமையா இருக்க வேணும், பிள்ளை. அதுதான் முறை. 'அறுபது உடுப்புகள் மட்டும்', 'நீலக் கதவு'. இதென்ன, மீன் ஏலமோ? பிரதம விருந்தினர் திருப்பிப் பாத்தா நான் எந்த முகத்தோட வரவேற்புரை சொல்றது?"

"அவர் திருப்பமாட்டார், அத்தான்."

"ஏன்?"

"அவரிட்டத் தைக்கிறதுக்குத் துணி இல்ல."

நௌபர் திரும்பி, இல்லாத ஒரு தாளை மேசைக்குக் கீழே தேடினார்.

அத்தானின் முகம் சிறுத்துப் போனது. முப்பத்தாறு வருடம் எழுதிய கடிதங்களிலெல்லாம் கீழே வேறொருவர் கையொப்பம் வைத்தவர் அவர். அச்சில் அவருடைய பெயர் வருவது, அடைப்புக்குறியோடு வருவது, இதுதான் முதல் முறை. ஜெயரூபிக்கு அது தெரியும். தெரிந்துதான் நேற்று முன்தினம் வாயை மூடியிருந்தாள். இன்றைக்கு வாயை மூடவும் தெம்பு இல்லை.

"முன்பக்கத்தில நான் ஒரு குத்துக்கூடத் தொடேல்ல, அத்தான். அது உங்கட. அப்பிடியே இருக்கட்டும். பின்பக்கத்தை எனக்கு விடுங்கோ. பதினொரு வீட்டில தேத்தண்ணி குடிச்சனான். ஒரு முழத் துணி வரேல்ல. வராட்டி நான் திரும்ப வானில ஏற வேணும். எனக்கு ஏலாது."

அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அத்தான் திருப்பிப் பேசியிருப்பார். குடையை விரித்தார், மடக்கினார்.

"எப்ப ஏற வேணும்?"

"நாளைக்குப் பின்னேரம் பதில் சொல்ல வேணும்."

"என்னட்ட ஒருத்தரும் சொல்லேல்லையே" என்றார் அவர், யாருக்கோ. பிறகு நௌபரிடம், "அந்த 'வாருங்கள்'க்குப் பிறகு முற்றுப்புள்ளி போடும், தம்பி" என்று சொல்லிவிட்டு மழைக்குள் இறங்கிப் போனார்.

மெசின் முதல் தாளைத் துப்பியது. தலைகீழ். "தலைக்குத் தலை வைக்கணும்" என்று தன்னையே திட்டி, நௌபர் கட்டைத் திருப்பி வைத்தார். இரண்டாவது சரியாக வந்தது. வெளிச்சப் பட்டைக்குள் எழுத்து நேராக நின்றது. ஈர மை மற்றத் தாளில் படாமல் இருக்க, இருவரும் தரை, கதிரை, ஈய எழுத்துப் பெட்டி, எல்லாவற்றிலும் மஞ்சள் தாள்களைப் பரப்பினார்கள். பகலுக்குப் பிறகு ஜெயரூபி திரும்பவும் ஒழுங்கையில் இறங்கினாள். போன பதினொரு வீட்டுக்கும் இரண்டாம் முறை, போகாத வீடுகளுக்கு முதல் முறை. இம்முறை எங்கும் உட்காரவில்லை. "பின்பக்கத்தைப் பாருங்கோ" என்று சொல்லிவிட்டு நடந்தாள். பாக்கியரத்தினம் ரீச்சர் பின்னால் நின்று ஏதோ சொன்னார். மழையில் கேட்கவில்லை.

வியாழக்கிழமை எட்டுப் பதினான்குக்கு விளக்கேற்றினார்கள். பிரதம விருந்தினர் எட்டு ஐம்பதுக்கு வந்து, ஏற்றிய விளக்கில் ஒரு திரியைத் திரும்ப ஏற்றினார். வந்தவர்கள் பட்டும் புதுச் சட்டையுமாக இருந்தார்கள். மைமூனா ஒன்பது பேரோடு வந்தாள். மணிக்கூடு சைக்கிள் சில்லு அளவு. முன்னறை நிறைந்து, விறாந்தை நிறைந்து, ஆட்கள் முற்றத்துத் தறப்பாளுக்குக் கீழ் நின்றார்கள். வடை போயிற்று. கேசரி போயிற்று.

ஜெயரூபி ஒவ்வொருவராக உள்ளே வரும்போது முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள். பரிசுப் பொதி. பழத்தட்டு. குடை. வெறும் கை. ரீச்சரின் கையில் ஒரு சின்னக் கைப்பை. அதில் நாலு பேருடைய துணி கொள்ளாது. தலைமையுரை நடந்தது. அவள் புதுச் சீலையில், தன் மெசினுக்குப் பக்கத்தில், தன்னுடைய கதிரையில் இருந்தாள். தோள்கள் கீழே போய்க்கொண்டே இருந்தன. நாலே முக்கால் வானை நினைத்து மைமூனாவின் மணிக்கூட்டைப் பார்த்தாள். அதற்கு இன்னும் பற்றரி போடவில்லை.

"வடை முடியுது, ரூபி. வெளியில நிக்கிற ஆக்களுக்குக் காணுமோ எண்டு பாத்திட்டு வா" என்று அக்கா கிசுகிசுத்தாள்.

பின்கதவால் இறங்கி வீட்டைச் சுற்றி முற்றத்துக்கு வந்தாள். பக்கச் சுவரோடு, செருப்புகள் கழற்றி வைத்த இடத்தைத் தாண்டி, ஒட்டுத் தகரத்துக்குக் கீழே ஏதோ வரிசையாக இருந்தது. கடைப் பைகள். நீலம், சிவப்பு, வெள்ளை. வாய் சுருட்டி, ஒன்றை ஒன்று மறைத்து, களவெடுத்த பொருள் மாதிரி. ஒன்றின் மேல் யாரோ குடையை விரித்து மூடியிருந்தார்கள். ஒவ்வொரு பையிலும் ஒரு மஞ்சள் தாள் குத்தியிருந்தது, பின்பக்கம் வெளியே தெரிய.

அவள் குந்தினாள். முழங்கால் மடங்கியது. முதல் தாளில் மைமூனாவின் பேரனின் பெயர், பாடசாலை, ஆண்டு நாலு. நெஞ்சு, இடை என்ற கோடுகளுக்கு முன்னால் யாரோ 'தெரியாது' என்று ஐந்து முறை எழுதியிருந்தார்கள்.

"அதை ஏன் பாக்கிறாய் இப்ப?" என்று பின்னாலே மைமூனாவின் குரல் கேட்டது. "விழா முடியட்டும் எண்டுதான் எல்லாரும் ஒளிச்சு வைச்சிருக்கம். நீ போய் உன்ட கதிரையில இரி புள்ள. ஆக்கள் பாக்கிறாங்க."

"அறுபது வந்திட்டுதோ?" என்று தறப்பாளுக்குக் கீழிருந்து ஒருவர் கேட்டார். "என்ர பை கடைசி."

"உங்கட கடைசி இல்ல, அது என்ர" என்றது இன்னொரு குரல்.

அவள் திரும்பி உள்ளே வரும்போது அத்தானே நன்றியுரையும் சொல்லிக்கொண்டிருந்தார். பிரதம விருந்தினருக்கு நன்றி, சிறப்பு விருந்தினருக்கு நன்றி என்று போய், கேசரி கிண்டியவருக்கு வந்தபோது பாக்கியரத்தினம் ரீச்சர் முன்வரிசையில் எழும்பினார்.

"தவராசா, மிச்ச நன்றியைப் பிறகு சொல்லுங்கோ. என்ர பேத்திமாரைப் பத்தரைக்கு ரியூசனுக்கு அனுப்ப வேணும். அளவெடுக்கிறதெண்டால் இப்ப எடுக்கச் சொல்லுங்கோ. 'அன்றைக்கே' எண்டு அச்சில கிடக்கு."

அத்தானின் கையில் மஞ்சள் தாள். அவர் பிரதம விருந்தினரைப் பார்த்தார். பிறகு தாளைத் திருப்பினார். கோயில் அறிவித்தல் வாசிக்கிற குரலில், ஒரு சொல் விடாமல் வாசித்தார். நீலக் கதவு உட்பட, முற்றுப்புள்ளிக்கு நின்று, மூச்செடுத்து. "முதலில் வரும் அறுபது உடுப்புகள் மட்டும்" என்று முடித்தார். "வெளியில பை வைச்சிருக்கிற ஆக்கள் ஒழுங்கா வரிசையில வாங்கோ."

கதிரைகள் இழுபட்டன.

பின்னேரம்வரை ஜெயரூபி கதிரையில் இருக்கவில்லை. நெஞ்சு, இடை, தோள், கை, உயரம். சில பிள்ளைகளுக்கு வளரவென்று ஓரத்தில் இரண்டு அங்குலம் மடித்துவிடச் சொன்னார்கள். சில தாய்மார் பழைய உடுப்பைக் காட்டி, "இதே மாதிரி, ஆனா இதை மாதிரி இல்லாம" என்றார்கள். அத்தான் பக்கத்தில் நின்று, அவள் சொன்ன இலக்கங்களை அழகான கச்சேரி எழுத்தில் தாளில் எழுதினார். பிரதம விருந்தினர் எப்போது போனார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

நாலரைக்குப் போன் அடித்தது. சுப்பர்வைசர்.

"அக்கா, லிஸ்ற் எழுதிக்கொண்டிருக்கிறன். என்ன மாதிரி?"

ஜெயரூபி பைகளில் குத்தியிருந்த மஞ்சள் தாள்களைப் பார்த்தாள். கடைசித் தாளில் அத்தான் முப்பத்தேழு என்று எழுதி, அதைச் சுற்றி வட்டம் போட்டிருந்தார். அவள் மனதில் கிழித்த நாற்பது என்ற கோட்டுக்கு மூன்று குறைவு.

"என்ர பேரை வெட்டுங்கோ, பிள்ளை."

"நல்லா யோசிச்சனீங்களோ?"

"யோசிக்க நேரமில்ல. வெட்டக் கிடக்கு."

போனை வைத்தாள். புதுச் சீலையின் தலைப்பை இடுப்பில் சொருகி, முதல் பையை அவிழ்த்தாள். வெள்ளைத் துணியை மேசையில் உதறி விரித்து, ஓரத்தை இழுத்து நேர் பார்த்து, சோக்கைத் தேடினாள். தோள் அதே இடத்தில், அதே மாதிரித்தான் நொந்தது.

"தேத்தண்ணி போடச் சொல்லவோ?" என்றார் அத்தான்.

"ஐயோ, வேண்டாம் அத்தான்" என்றாள்.